பழைய ரூபாயில் தேய்மானம்

(கனகம்மாசத்திரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வருமான வரிச் சட்டம் தொழில் நடத்துகிறவருக்கு ஒன்றைச் சரியாகவே ஒப்புக்கொள்கிறது. இயந்திரம் ஓடினால் தேயும். தேய்ந்த அளவு செலவு. அந்தச் செலவைக் கழித்த பிறகு நிற்பதுதான் லாபம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அதுவரை சண்டையில்லை. செலவை எந்த ரூபாயில் அளப்பது என்பதில்தான் சிக்கல். இயந்திரம் வாங்கிய நாளில் பில்லில் போட்ட தொகை எதுவோ, அதையே சட்டம் கடைசிவரை பிடித்துக்கொள்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கழிக்கும் தேய்மானமும் பத்து ஆண்டுக்கு முந்தைய ரூபாயில்தான் கணக்கிடப்படும். அந்த ஆண்டின் நெல் விற்றுவரவும், கூலியும், மின்கட்டணமும் அந்த ஆண்டு ரூபாயில் வந்து உட்காரும். இந்த இரண்டு ரூபாயையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கழித்துப் பார்ப்பதைத்தான் லாபம் என்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் என்று நாள் குறிக்கப்பட்ட 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டமும் இந்த அடிப்படையை மாற்றவில்லை.

பொதுவாகப் பேசினால் இது தலைக்கு மேல் போய்விடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆள் கற்பனை, சட்டமும் குறியீட்டு எண்களும் அசல்.

ஒரு ரைஸ் மில் உரிமையாளர் 2012 ஏப்ரலில் 10 லட்சம் ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறார். அதே மாதம், அதே 10 லட்சத்துக்குச் சாலையோரம் ஒரு மனையும் வாங்கிப் போடுகிறார். 2024 பிப்ரவரியில் பணமுடை. இரண்டையும் விற்கிறார். மனை 18 லட்சத்துக்குப் போகிறது. இயந்திரம் 4 லட்சத்துக்குப் போகிறது.

முதலில் மனை. அப்போதைய 48ஆம் பிரிவு என்ன சொன்னது? வாங்கிய விலையை அப்படியே எடுத்துக்கொள்ளாதே, விலைவாசி ஏறிய அளவுக்கு உயர்த்திக்கொள் என்றது. அதற்காக அரசு ஆண்டுதோறும் விலையேற்றக் குறியீட்டு எண் ஒன்றை அறிவிக்கும். 2012-13க்கு அது 200. 2023-24க்கு 348. ஆகவே 10 லட்ச ரூபாய் மனையின் அடக்கவிலை 17 லட்சத்து 40 ஆயிரம். லாபம் 60 ஆயிரம். அதற்கு 20 சதவீதம் வரி, 12 ஆயிரம் ரூபாய். மேல்வரி, கூடுதல் வரிகளை இந்தக் கணக்கு முழுவதும் விட்டுவிடுகிறேன்.

இனி இயந்திரம். சாதாரண இயந்திரங்களுக்குத் தேய்மானம் 15 சதவீதம், ஆடிட்டர்கள் டபிள்யூ.டி.வி. என்று சொல்லும் முறை. அதாவது ஒவ்வோர் ஆண்டும் மீதி நிற்கும் மதிப்பில் 15 சதவீதம். முதலாண்டு ஒன்றரை லட்சம், அடுத்தது 1,27,500, அதற்கடுத்தது 1,08,375 என்று இறங்கிக்கொண்டே போகும். 2022-23 வரை பதினொரு முறை கழித்தபின் புத்தகத்தில் நிற்பது 1,67,343 ரூபாய். வேறு இயந்திரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 லட்சத்துக்கு விற்றதும் 50ஆம் பிரிவு குறுக்கே வருகிறது. தேய்மானம் கழித்த சொத்தை எத்தனை ஆண்டு வைத்திருந்து விற்றாலும் கிடைக்கும் லாபம் குறுகிய கால லாபம்தான். குறியீட்டு எண் அதற்குக் கிடையாது. ஆகவே 2,32,657 ரூபாய் லாபம் என்று எழுதப்படும். 30 சதவீத வரி கட்டுகிறவரானால் 69,797 ரூபாய் வரி.

இதை மட்டும் சொல்லிவிட்டு, பாருங்கள் அநியாயம் என்று நான் இறங்கிப் போனால் அது நேர்மையாகாது. ஏனென்றால் அவர் ஏற்கெனவே 8,32,657 ரூபாயைத் தேய்மானமாகக் கழித்திருக்கிறார். இயந்திரத்தின் விலையோ 10 லட்சத்திலிருந்து 4 லட்சத்துக்கு, 6 லட்சம்தான் இறங்கியிருக்கிறது. கூடுதலாகக் கழித்த 2,32,657 ரூபாயைத் துறை திரும்பக் கேட்கிறது. பழைய ரூபாயில் பார்த்தால் கணக்கு துல்லியமாக நேராகிறது. வரித்துறை அதிகாரி இதைச் சொன்னால் மறுக்க இயலாது.

மனைக்குப் பயன்பட்ட அதே 348ஐ இயந்திரத்துக்கும் வைத்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். 2012இன் 10 லட்சம் 2023-24 ரூபாயில் 17.4 லட்சம். கையில் வந்தது 4 லட்சம். அவர் உண்மையில் இழந்தது 13.4 லட்சம். அவர் ஆண்டுதோறும் கழித்த தேய்மானத்தையும் அந்தந்த ஆண்டின் குறியீட்டால் உயர்த்தி எழுதுவோம். முதலாண்டின் ஒன்றரை லட்சம் 2,61,000 ஆகிறது. கடைசி ஆண்டின் 29,531 ரூபாய் 31,048 ஆகிறது. பதினொன்றையும் கூட்டினால் சுமார் 11.8 லட்சம். அதிலிருந்து விற்பனையில் லாபம் என்று திரும்பப் பிடித்த 2.33 லட்சத்தைக் கழித்தால் நிற்பது 9.46 லட்சம். இழப்பு 13.4, சட்டம் ஒப்புக்கொண்டது 9.46. இடைவெளி ஏறக்குறைய 3.9 லட்சம். இவ்வளவு தொகையும் எந்தக் காலத்திலும் லாபமாக இருந்ததில்லை. ஆனால் லாபமென்று வரி கட்டியாயிற்று. அந்த வரி 1.2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மனைக்குக் கொடுத்த அந்தக் குறியீட்டு எண்ணே நுகர்வோர் விலைவாசி உயர்வில் முக்கால் பங்கைத்தான் கணக்கில் எடுக்கும். சட்டமே அப்படித்தான் வகுத்திருந்தது. முழு விலைவாசியை வைத்தால் இடைவெளி இன்னும் விரியும்.

இயந்திரத்தை விற்காமல் ஓட்டிக்கொண்டே இருப்பவருக்கு எவ்வளவு கரைகிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. தேய்மான விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு பணவீக்க விகிதத்தைக் கூட்டுங்கள். முதல் எண்ணைக் கூட்டுத்தொகையால் வகுங்கள். டபிள்யூ.டி.வி. முறையில், ஆண்டு முடிவில் வரி மிச்சம் கையில் வருகிறது என்று கொண்டால், வரி மிச்சத்தில் உண்மையாகத் தங்குவது அந்தப் பங்குதான். 15 சதவீதத் தேய்மானம், 6 சதவீதப் பணவீக்கம் என்றால் 15ஐ 21ஆல் வகுக்க வேண்டும், 71 சதவீதம். 10 லட்ச ரூபாய் இயந்திரம் காலம் முழுவதும் தரவேண்டிய வரி மிச்சம் 30 சதவீத வரியில் 3 லட்சம். வாங்கிய நாளின் ரூபாயில் அது 2,14,286தான். 85,714 ரூபாய் வழியிலேயே கரைந்துவிட்டது. பணவீக்கம் 3 சதவீதமாக இருந்தால் கரைவது 50 ஆயிரம். 10 சதவீதமானால் 1,20,000.

இங்கே நான் வட்டியைச் சேர்க்கவில்லை. பணத்துக்காகக் காத்திருப்பதற்கு வேறு விலை உண்டு. ஆனால் அது தேய்மானத்தைக் குறியீட்டோடு இணைத்தாலும் இருக்கத்தான் செய்யும். பணவீக்கம் மட்டும் தின்பது எவ்வளவு என்பதே என் கேள்வி.

இந்த வகுத்தலைப் பார்த்ததும் ஒன்று புலப்பட்டிருக்கும். தேய்மான விகிதம் உயர்ந்தால் அரிப்பு குறையும். நம் நாட்டுச் சட்டம் இதைத் தெரியாமல் இல்லை. 1980களின் நடுவில், வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்தபோது, 1985 டிசம்பரில் நீண்டகால நிதிக் கொள்கை என்று ஓர் ஆவணம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிக்கணக்கு என்பது போய், ஒரே விகிதமுள்ள சொத்துகள் எல்லாம் ஒரே தொகுதி என்ற முறை வந்தது. சாதாரண இயந்திரங்களுக்கு விகிதம் மூன்றில் ஒரு பங்கு. நான்கே ஆண்டில் விலையில் 80 சதவீதம் கழிந்துவிடும். பழையதை மாற்றப் பணம் கையில் இருக்கும் என்பதே அப்போது சொல்லப்பட்ட நியாயம். போட்டுப் பாருங்கள்: மூன்றில் இரண்டை நான்கு முறை பெருக்கினால் 81இல் 16. ஏறக்குறைய 20 சதவீதம்தான் மீதி. அந்த விகிதத்தில் 6 சதவீதப் பணவீக்கம் தின்பது 15 சதவீதம்.

பிறகு 1990களின் தொடக்கத்தில் விகிதம் 25 ஆயிற்று. அரிப்பு 19 சதவீதம். 2005 பட்ஜெட்டில் 15 ஆயிற்று. அரிப்பு 29 சதவீதம். 2005இல் வரி விகிதத்தைக் குறைக்கிறோம், அதற்கு ஈடாகத் தேய்மானத்தையும் குறைக்கிறோம் என்று காரணம் சொல்லப்பட்டது. புதிதாக முதலீடு செய்கிறவருக்குக் கூடுதல் தேய்மானம் 20 சதவீதம் என்று வேறு வழியில் கொஞ்சம் கொடுக்கப்பட்டது. அதை நம் கணக்கில் ஏற்றினால், முதலாண்டில் 35 சதவீதம் போய்விடும். 2,14,286 என்பது சுமார் 2,30,500 ஆகும். கரைந்த 85 ஆயிரத்தில் 16 ஆயிரம் திரும்புகிறது, அவ்வளவுதான். அதுவும் உற்பத்தித் தொழிலுக்கு, புது இயந்திரத்துக்கு மட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இல்லை. குறைந்த வரியுள்ள புதிய திட்டத்துக்கு மாறியவருக்கும் இல்லை.

இதற்கும் முன்னால் பார்த்தால், 1955 முதல் 1974 வரை வளர்ச்சித் தள்ளுபடி, 1976 முதல் முதலீட்டுப் படி என்று இயந்திர விலைக்கு மேலேயே ஒரு பங்கைக் கழிக்கவிட்ட ஏற்பாடுகள் இருந்தன. இவற்றைத் தொழில் ஊக்கம் என்றுதான் சொன்னார்கள். செய்த வேலையில் பாதி, விலைவாசி தின்றதை மறைமுகமாக ஈடுகட்டுவது என்பது என் கருத்து. 2013இல் ப. சிதம்பரம் மீண்டும் முதலீட்டுப் படியைக் கொண்டுவந்தபோது 100 கோடிக்கு மேல் இயந்திரம் வாங்கும் கம்பெனிக்குத்தான் அது. அடுத்த ஆண்டு 25 கோடியாக இறங்கியது. இங்கே சிறு தொழில் நடத்தும் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது எதிர்வாதம். பொருளாதாரம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: வங்கிக் கடனில் இயந்திரம் வாங்கினவர் பணவீக்கத்தால் லாபம் பார்க்கவில்லையா? பார்க்கிறார். 11 சதவீத வட்டியில் 6 சதவீதம் விலைவாசிக்கானது. அதாவது, கடன் தொகையின் மதிப்பு குறைவதற்கு வங்கி முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் ஈடு. அது உண்மையில் அசலைத் திருப்புவது. ஆனால் சட்டம் 11 சதவீதத்தையும் செலவாகக் கழிக்க விடுகிறது. தேய்மானத்தில் பழைய ரூபாயைப் பிடித்துக்கொள்வதால் துறைக்கு லாபம்; வட்டியில் பழைய ரூபாயைப் பிடித்துக்கொள்வதால் தொழிலுக்கு லாபம்.

அளந்து பார்ப்போம். 10 லட்சமும் கடன், ஐந்தாண்டில் தவணை முடிகிறது. சராசரியாக நிலுவையில் நிற்பது 5 லட்சத்தை ஒட்டி. அதில் 6 சதவீதம் ஆண்டுக்கு 30 ஆயிரம். ஐந்தாண்டுக்கு ஒன்றரை லட்சம். அதில் 30 சதவீதம் 45 ஆயிரம். தேய்மானத்தில் கரைந்த 85 ஆயிரத்தில் பாதிக்குச் சற்று மேல் இப்படி ஈடாகிறது. தவணை நீண்டால் இன்னும் ஈடாகும். ஆகவே முழுக் கடனில் வாங்கியவர் அதிகம் புலம்ப வேண்டியதில்லை. முழுச் சுமையும் யார் தலையில்? நகையை விற்று, சீட்டுப் பணத்தைப் போட்டு, கடன் வேண்டாம் என்று சொந்தப் பணத்தில் வாங்கியவர் தலையில். சிக்கனக்காரரைத் தண்டிக்கும் இந்தக் கோணல்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது.

இன்னோர் எதிர்வாதமும் வலுவானது. எல்லா இயந்திரமும் விலைவாசியோடு ஏறுவதில்லை. கணினியின் விலை இறங்கியது. பொது விலைவாசிக் குறியீட்டை வைத்து எல்லாருக்கும் உயர்த்தினால் சிலருக்கு மாற்றுச் செலவை விட அதிகமாகக் கிடைத்துவிடும். சரிதான். ஆனால் போட்ட முதல் அதே வாங்கும் சக்தியோடு திரும்பியதா என்பதற்கும், அதே இயந்திரத்தை மறுபடி வாங்க முடிகிறதா என்பதற்கும் வேறுபாடு உண்டு. வரிக்கு முதல் கேள்வி போதும். இரண்டாவது கேள்வியை இயந்திரம் இயந்திரமாகத் தீர்க்கப் போனால் ஒவ்வொரு மதிப்பீட்டு ஆணையும் வழக்காகிவிடும்.

வெளிநாடுகள் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் 1975இல் பணவீக்கம் 20 சதவீதத்தைத் தாண்டியபோது சான்டிலாண்ட்ஸ் குழு நடப்பு விலையில் கணக்கெழுதச் சொன்னது. 1980இல் அதற்கென ஒரு கணக்கியல் தரமும் வந்தது. கம்பெனிகள் ஏற்கவில்லை, 1988இல் விலக்கிக்கொண்டார்கள். பிரேசில் பல ஆண்டு குறியீட்டு முறையை வைத்திருந்து, பணவீக்கத்தை அடக்கியபின் 1995 முடிவோடு நிறுத்தியது. மெக்சிகோ தேய்மானத்தை நுகர்வோர் குறியீட்டால் உயர்த்திக் கழிக்க இன்றும் அனுமதிக்கிறது. ஆக, செய்யவே முடியாத காரியம் என்பது பொய்.

ஆனால் பிரிட்டன் இன்னொன்றையும் செய்தது. 1972 முதல் 1984 வரை இயந்திர விலை முழுவதையும் வாங்கிய ஆண்டிலேயே கழிக்க விட்டது. 2023இல் கம்பெனிகளுக்கு மறுபடியும் அதையே கொண்டுவந்தது. குறியீடு வேண்டாம், மதிப்பீட்டுச் சண்டை வேண்டாம். வாங்கிய அன்றே முழுதும் கழிந்துவிட்டால் விலைவாசி தின்பதற்கு எதுவும் மிஞ்சாது. சிறு தொழிலுக்கு, ஒரு வரம்பு வரையிலாவது, இதுவே ஏற்றது என்பது என் கட்சி. அரசுக்கு முதல் சில ஆண்டு வருவாய் குறையும் என்பது உண்மை. கழிக்கப் போதிய லாபம் அந்த ஆண்டு இல்லாதவருக்கு இது உதவாது என்பதும் உண்மை.

அந்த லாபமில்லாதவர் கதைக்கு வருகிறேன். பக்கத்தில் திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதன் பழைய இயந்திரங்களை நவீனப்படுத்த வேண்டும் என்று கரும்பு விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறார்கள். அதன் வரிக் கணக்கைப் பற்றி நான் பேசவில்லை. பழைய இயந்திரம், குறைந்த லாபம் என்ற நிலையில் உள்ள எந்தத் தொழிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். கழிக்க லாபம் இல்லாத ஆண்டின் தேய்மானம் வீணாகாது. கால வரம்பின்றி அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். கேட்கத் தாராளமாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை வட்டியும் இல்லாமல், குறியீடும் இல்லாமல், அதே ரூபாயாகக் காத்திருக்கும். 6 சதவீதப் பணவீக்கத்தில் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தால் பாதியாகிவிடும்.

நம் பக்கத்துச் சிறு தறிக்காரர்கள் பலருக்கு இவ்வளவு கணக்கும் இல்லை. அவர்கள் 44ஏடி பிரிவில், விற்றுவரவில் 6 அல்லது 8 சதவீதம் லாபம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அங்கே தேய்மானம் தனியாகக் கிடைக்காது, கழித்ததாகவே கருதப்படும். புத்தக மதிப்பும் ஆண்டுதோறும் இறங்கியதாகவே கொள்ளப்படும். பின்னால் ஒருநாள் வழக்கமான கணக்குக்கு மாறும்போது, தறியின் மதிப்பு வாங்கிய விலையிலிருந்து தொடங்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த இறங்கிய மதிப்பிலிருந்துதான் தொடங்கும்.

தொடக்கத்தில் பார்த்த மனைக்கும் 2024 ஜூலை 23 முதல் குறியீட்டுச் சலுகை போய்விட்டது. நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீத வரி, குறியீடு இல்லை என்றானது. அதற்கு முன்பே வாங்கிய நிலமும் கட்டடமும் வைத்திருக்கும் உள்நாட்டுத் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும் பழைய கணக்கோடு ஒப்பிட்டுக் குறைந்த வரியைக் கட்டும் வழி விட்டுவைக்கப்பட்டது. நிலத்துக்கும் இயந்திரத்துக்கும் இருந்த பாகுபாட்டை நீக்க இரண்டு வழி இருந்தது. இயந்திரத்துக்கும் கொடுத்திருக்கலாம், நிலத்திடமிருந்து எடுத்திருக்கலாம். எடுத்தார்கள்.

சட்டம் மாறும்வரை மில்காரர் செய்யக்கூடியது சிறிதுதான். இயந்திரத்தை நிதியாண்டில் 180 நாளாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலாண்டுத் தேய்மானம் பாதிதான். ஆகவே அக்டோபரில் வந்து இறங்கவிருக்கும் இயந்திரத்தை முன்னதாகவே வரவழைத்துச் செப்டம்பருக்குள் ஓடவிடப் பாருங்கள். விற்கும் ஆண்டிலேயே புதியதை வாங்கினால் விற்ற பணம் தொகுதிக்குள்ளேயே அடங்கி, 50ஆம் பிரிவு பெரும்பாலும் தலைகாட்டாது. புதிய வரித் திட்டத்துக்கு மாறும் முன், விட்டுக்கொடுக்கும் கூடுதல் தேய்மானத்தை முன்பு சொன்ன வகுத்தலில் போட்டுப் பாருங்கள்.

வரிக் கணக்குக்கு வெளியே, உங்கள் சொந்தப் பார்வைக்கு ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வாங்கிய ஆண்டு, விலை, அந்த ஆண்டின் குறியீடு. இந்த ஆண்டின் குறியீட்டால் உயர்த்தி, அதற்குத் தேய்மானம் போடுங்கள். அதற்கும் ஆடிட்டர் போட்ட தேய்மானத்துக்கும் உள்ள வித்தியாசத்தை லாபத்திலிருந்து கழித்தபின் நிற்பதுதான் வீட்டுக்கு எடுக்கக்கூடிய பணம். பலர் பேலன்ஸ் ஷீட்டின் லாபத்தைப் பார்த்துக் கூட்டாளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பத்து ஆண்டு கழித்துப் பழைய இயந்திரத்துக்குப் பதில் அதே இயந்திரத்தை வாங்கவே முன்னிலும் பெரிய கடனுக்கு வங்கிக்குப் போகிறார்கள். உற்பத்தி கூடாமல் கடன் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கூடுகிறதென்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் லாபம் என்று பங்கிட்டதில் இயந்திரத்தின் ஒரு பகுதியும் போயிருக்கிறதா என்று அந்தத் தாளை எடுத்துச் சரிபாருங்கள்.